சிறிய போறணையில் பாண்: தண்ணீர்த் தட்டா, மூடிச் சட்டியா, தோசைக்கல்லா?

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி வீடொன்றில் இருக்கும் என் மச்சாள் சென்ற வருடம் 35 லீற்றர் கொள்ளளவுடைய மேசைப் போறணை ஒன்றை வாங்கினார். மேலும் கீழுமாக இரண்டிரண்டு சூட்டுக் கம்பிகள், 1500 வாட், 230 பாகை வரை திருகக்கூடிய ஒரு திருகி, சூடானதும் அணையும் ஒரு சிவப்பு விளக்கு, இவ்வளவுதான் அதன் அமைப்பு. (‘அவன்’ என்று எழுதினால் ஓர் ஆளைச் சொன்னதாகிவிடும் என்பதால் இங்கு போறணை என்றே எழுதுகிறேன், பேக்கரிக்காரருக்கு உரிய சொல்லை வீட்டுக்குள்ளும் கொண்டுவருவதில் தவறில்லை.) கேக்கும் பிஸ்கட்டும் அதில் நன்றாகவே வந்தன. தட்டில் வைத்துச் சுடும் உருண்டைப் பாண் மட்டும் ஒவ்வொரு தடவையும் வெளிறிய நிறத்தில், பக்கவாட்டில் பிளந்து, அடிப்பாகம் ஈரமாகவே வந்தது. “மச்சாள், சொன்னமாதிரித் தட்டிலை சுடுதண்ணியும் வைச்சனான், பிறகும் ஏன் இப்பிடி வெளிறிப் போகுது?” என்பதே அவருடைய கேள்வி.

அவர் முன் மூன்று வழிகள் இருந்தன. போறணையின் அடியில் ஒரு தட்டு வைத்துச் சுடுதண்ணீர் ஊற்றி நீராவி உண்டாக்குவது முதலாவது. கனமான மூடியுள்ள வார்ப்பிரும்புச் சட்டி ஒன்றை வாங்கி, அதைச் சூடேற்றி, மாவுருண்டையை உள்ளே வைத்து மூடிச் சுடுவது இரண்டாவது. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் இரும்புத் தோசைக்கல்லைச் சூடேற்றி, மாவுருண்டையை அதன்மேல் வைத்து, ஆழமான சில்வர்ச் சட்டி ஒன்றைக் கவிழ்த்து மூடுவது மூன்றாவது. மூன்றையும் ஒரே அளவுக் கலவையைக் கொண்டு அவருடைய போறணையிலேயே வெவ்வேறு நாட்களில் சுட்டுப் பார்த்தோம். கலவை 350 கிராம் கோதுமை மா, 235 கிராம் தண்ணீர், 7 கிராம் உப்பு, 2 கிராம் உலர் ஈஸ்ட், மொத்தம் 594 கிராம். இந்த மொத்த நிறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாண் வெந்ததா என்று பார்க்கும் இடத்தில் அது மீண்டும் தேவைப்படும்.

மூன்று வழிகளுக்கும் பொதுவான முதல் வேலை போறணையைச் சூடேற்றுவது. சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது என்றால் போறணை தயாராகிவிட்டது என்றுதான் நாம் எல்லோரும் எண்ணுகிறோம். ஆனால் அந்த விளக்கு, கட்டுப்படுத்தி பொருத்தப்பட்டிருக்கும் இடத்தில் உரிய வெப்பநிலை வந்துவிட்டது என்பதை மட்டுமே அறிவிக்கிறது. மச்சாளின் போறணையில் அது ஒன்பது நிமிடத்திலேயே அணைந்துவிடும். 35 லீற்றர் காற்றை 30 பாகையிலிருந்து 230 பாகைக்கு உயர்த்தத் தேவைப்படும் வெப்பம் ஏறத்தாழ 5 கிலோயூல் மட்டுமே. மூன்று கிலோ நிறையுள்ள இரும்புத் தோசைக்கல் ஒன்றை அதே வெப்பநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 275 கிலோயூல் வேண்டும். காற்றில் இருக்கும் வெப்பத்தைப் போல ஐம்பது மடங்குக்கு மேற்பட்ட வெப்பம் இரும்பில் சேமிக்கப்படுகிறது என்பது இதன் பொருள். கதவைத் திறந்ததும் சூடான காற்று சமையலறைக்குள் ஓடிவிடுகிறது, இரும்பு ஓடாது. குளிர்ந்த மாவுருண்டை உள்ளே வரும்போது அதன் அடிக்கு உடனடியாக வெப்பம் கொடுப்பது அந்த இரும்புதான்.

எனவே விளக்கு அணைந்த பின்னரும் காத்திருக்க வேண்டும். தோசைக்கல்லுக்கு மொத்தமாக 40 நிமிடமும், நாலு கிலோவுக்கு மேற்பட்ட மூடிச் சட்டிக்கு 45 முதல் 50 நிமிடமும் கொடுத்தோம். வெறும் மெல்லிய தட்டில் சுடுவதாயின் 20 நிமிடம் போதும். தட்டில் சேமிப்பதற்கு ஒன்றுமில்லை, சுவர்கள் சூடானால் சரி. மின்சாரச் செலவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு சொல்: 1500 வாட் போறணை 40 நிமிடம் ஓயாமல் எரிந்தாலும் ஓர் அலகுதான். விளக்கு அணைந்தபின் கம்பிகள் விட்டு விட்டு எரிவதால் உண்மையான செலவு அதற்கும் குறைவு.

கொழும்பில் இந்த நாற்பது நிமிடம் வேறொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. குளிர்நாட்டுச் செய்முறைகள், உருட்டி வடிவமைத்த மாவை ஒரு மணிநேரம் பொங்க விட்டு, கடைசி இருபது நிமிடத்தில் போறணையை மூட்டச் சொல்லும். இங்கே 30 பாகைச் சமையலறையில் உருட்டிய மா 30 முதல் 35 நிமிடத்திலேயே தயாராகிவிடும். பக்கத்தில் போறணை எரிந்துகொண்டிருந்தால் இன்னும் சீக்கிரம். போறணையை மாவை உருட்டியபின் மூட்டினால், கல் சூடாவதற்குள் மா அளவுக்கு மிஞ்சிப் பொங்கிவிடும். அப்படிப் பொங்கிய மாவில் எஞ்சியிருக்கும் பலம் குறைவு. சுடுமுன் மேற்புறத்தைக் கத்தியால் கீறியதும் அது அமுங்கிவிடும். அதன்பின் எவ்வளவு நீராவி கொடுத்தும் பயனில்லை. ஆகவே வரிசையை மாற்றிப் போறணையை முதலில் மூட்டினோம். அதன்பின் பத்து நிமிடம் கழித்தே மாவை உருட்டினோம். விரலால் மெல்ல அழுத்தினால் குழி மெதுவாக மேலெழுந்து, முழுதும் மறையாமல் சிறு அடையாளம் விட வேண்டும். அதுவே உள்ளே வைக்கும் நேரம். கல் இன்னும் சூடாகவில்லையென்றால் உருண்டையைக் குளிர்சாதனப்பெட்டியில் வைத்துக் காத்திருப்பதே நல்லது. குளிர்ந்த மாவில் கீறலும் சுத்தமாக விழும்.

இனி நீராவிக்கு வருவோம். மூன்று வழிகளும் உண்மையில் பிரிவது இங்கேதான். மாவுருண்டை போறணைக்குள் சென்ற முதல் பத்துப் பதினைந்து நிமிடத்தில் உள்ளே இருக்கும் வாயு விரிகிறது, ஈஸ்ட் 55 முதல் 60 பாகையில் இறக்கும்வரை இன்னும் சற்று வாயுவைக் கொடுக்கிறது, உருண்டை உயர முயல்கிறது. மேற்பரப்பு அதற்குள் உலர்ந்து இறுகினால் உயர இடமில்லாமல் எங்கே பலவீனமோ அங்கே, பெரும்பாலும் பக்கவாட்டில், பிளந்துகொள்ளும். மச்சாளின் பாண் பிளந்த காரணம் இதுதான். நீராவி நிறைந்த இடத்தில், குளிர்ந்த மாவின் மேல் அது நீராகப் படிந்து தோலை நெகிழ்வாக வைத்திருக்கும். படியும்போது தன் வெப்பத்தையும் மாவுக்குக் கொடுத்துவிடும். அந்த ஈரத்தில் மேற்பரப்பிலுள்ள மாப்பொருள் கஞ்சிபோல் இளகிப் பசையாவதால்தான் பின்னர் உலர்ந்து வறுபடும்போது மேலோட்டுக்கு மினுக்கமும் மொறுமொறுப்பும் வருகின்றன. அந்த இரண்டாம் கட்டத்துக்கு நீராவி முற்றாகப் போய்விட வேண்டும். ஈரமான மேற்பரப்பு 100 பாகையைத் தாண்டாது. தாண்டாதவரை சிவந்த நிறம் ஏறாது. ஆகவே நமக்குத் தேவை முதலில் முழு ஈரமும் பிறகு முழு உலர்ச்சியும். கடைசிவரை நீராவி இருந்த பாண் வெளிறி, தோல்போல் இழுபடும்.

தண்ணீர்த் தட்டு வழியை இந்தக் கண்ணோடு பாருங்கள். 150 மில்லிலீற்றர் கொதிநீரைத் தட்டில் ஊற்றினால் அது முழுவதும் ஆவியாகுவதற்கு ஏறத்தாழ 340 கிலோயூல் வேண்டும். 1500 வாட் போறணை தன் முழுச் சக்தியையும் கொடுத்தால்கூட அது நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவான வேலை. அந்த வெப்பம் எங்கிருந்து வரும்? பாண் உயர வேண்டிய, வெப்பம் மிக அவசியமான அந்த முதல் நிமிடங்களிலிருந்துதான். மாவின்மேல் படியும் நீராவி தன் பங்கை மாவுக்கே திருப்பிக் கொடுக்கிறது என்பது உண்மை. ஆனால் மேசைப் போறணையின் கதவு இறுக்கமாக மூடுவதில்லை, பெரும்பகுதி இடுக்குகள் வழியே வெளியேறிச் சமையலறைச் சுவரில்தான் படிகிறது. கதவைத் திறந்து மாவை வைத்து, தட்டில் நீர் ஊற்றி மூடியபின் உள்ளே தொங்கவிட்ட வெப்பமானி 230 இலிருந்து 170 க்கு இறங்கியது; மீண்டும் 215 ஐத் தொடுவதற்குப் பதினான்கு நிமிடம் ஆயிற்று. பெரிய பேக்கரிப் போறணையில் செங்கல்லும் மண்ணும் சேமித்த வெப்பம் இந்தச் செலவைத் தாங்கும். சிறிய மின்போறணையில் வெப்பமும் நீராவியும் ஒரே சட்டியில் கைவைக்கும் இரு பிள்ளைகள். ஒன்றுக்குக் கொடுத்தால் மற்றதற்குக் குறையும்.

இந்த வழியில் ஆபத்தும் உண்டு. மேசைப் போறணைகளின் கீழ்க்கம்பிகள் பெரும்பாலும் திறந்தபடியே இருக்கும். அவற்றின்மேல் தண்ணீர் சிந்துவது மின்சாரத்தோடு விளையாடுவது. சூடான கண்ணாடிக் கதவில் குளிர்ந்த துளி விழுந்தால் கண்ணாடி வெடிக்கலாம். கண்ணாடித் தட்டில் நீரூற்றினால் அதுவும் அப்படியே. எனவே தட்டைக் கம்பிகளுக்கு மேலுள்ள அடுக்கில் வைத்து, கதவின்மேல் தடித்த துணியொன்றைப் போட்டு, கொதிநீரை நீண்ட மூக்குள்ள கெண்டியால் ஊற்றுவதைத் தவிர வேறு முறையில் இதைச் செய்ய நான் யாருக்கும் சொல்லமாட்டேன். பன்னிரண்டு நிமிடத்தில் தட்டை வெளியே எடுக்க வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். மச்சாள் தட்டைக் கடைசிவரை உள்ளேயே விட்டிருந்தார். பாண் வெளிறியதற்கு அது பாதிக் காரணம்.

தெளிக்கும் போத்தலால் போறணைச் சுவரில் நீர் தெளிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு அழுத்தலும் ஒரு கிராம் அளவே. அதற்காகத் திறக்கும் கதவு எடுத்துச் செல்வது அதைவிட அதிகம்.

மூடிச் சட்டி இந்தக் கணக்கை முழுதாக மாற்றிவிடுகிறது. மாவிலேயே தண்ணீர் இருக்கிறது. நம் 594 கிராம் உருண்டை சுட்டு முடியும்போது எழுபது எண்பது கிராம் நீரை எப்படியும் இழக்கப்போகிறது; அதன் முதற் பகுதியைத் தப்பவிடாமல் பிடித்து வைத்தாலே போதும். ஒரு கிராம் நீர் 100 பாகையில் ஏறத்தாழ 1.7 லீற்றர் நீராவியாக விரிகிறது. 35 லீற்றர்ப் போறணையை ஒருதடவை நிரப்ப இருபது கிராம் அளவு வேண்டும். அதுவும் கசிந்துகொண்டே இருக்கும். நாலு லீற்றர்ச் சட்டிக்குள் பாண் பிடித்த இடம் போக மிஞ்சுவது மூன்று லீற்றருக்கும் குறைவு. அதை நிரப்ப இரண்டு கிராம் நீர் மிகுதி. மாவே அதை முதல் சில நிமிடத்தில் கொடுத்துவிடும். இருபது நிமிடத்தில் மூடியை எடுத்தால் உலர்ச்சிக் கட்டம் தானாகத் தொடங்குகிறது. தட்டில் ஊற்றிய நீருக்காகக் கொடுத்த 340 கிலோயூல் இங்கே எங்கும் செலவாகவில்லை.

சட்டியின் குறைகள் மச்சாளின் போறணையைப் பொறுத்தவரை சிறியவை அல்ல. உட்புற உயரம் 22 சென்றிமீற்றர். இரவல் வாங்கிய வார்ப்பிரும்புச் சட்டி மூடியின் குமிழோடு சேர்த்து 18 சென்றிமீற்றர். அடுக்குக் கம்பியின் மேல் வைத்தபோது மூடி மேல்கம்பிகளை ஏறத்தாழத் தொட்டுவிட்டது. குமிழ் பிளாஸ்டிக்காக இருந்தால் கழற்றி அந்தத் துளையை உலோகத் திருகாணியால் அடைக்க வேண்டும். 230 பாகையிலுள்ள நாலு கிலோ இரும்பை ஒடுங்கிய மேடையில் வெளியே எடுத்து, ஆழமான குழிக்குள் மாவை இறக்கி, மீண்டும் உள்ளே தள்ளுவது பழகிய கைக்கே பதற்றம் தரும் வேலை; மாவைப் பேக்கிங் தாளோடு தூக்கி இறக்கினால் அது ஓரளவு எளிது. மண்சட்டியை இதற்குப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்பதுண்டு. கறி சமைக்கும் மண்சட்டி அடுப்பில் மெதுவாகச் சூடேறிப் பழகியது; கொதிக்கும் சூட்டில் குளிர்ந்த ஈரமாவை அதன் அடியில் வைத்தால் விரிசல் விடும். அதில் நான் பணயம் வைக்கமாட்டேன். குளிர்ந்த சட்டியையும் குளிர்ந்த போறணையையும் ஒன்றாக மூட்டும் வழியும் இருக்கிறது. மின்சாரம் மிச்சம், பாணும் சுமாராக உயரும், ஆனால் அடிப்பாகம் வெளிறித் தாளோடு ஒட்டிக்கொண்டது. ஒருதடவைக்கு மேல் செய்யவில்லை.

தோசைக்கல்லும் கவிழ்த்த சட்டியும் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. நாற்பது நிமிடம் சூடேறிய கல் அடிக்கு வெப்பம் கொடுக்கிறது, 24 சென்றிமீற்றர் வாயகலமுள்ள சில்வர்ச் சட்டி நீராவியைப் பிடிக்கிறது. கல்லைப் போறணைக்கு வெளியே எடுக்கவே தேவையில்லை. அடுக்கைப் பாதி இழுத்து, தாளோடு மாவை அதன்மேல் தள்ளி, சட்டியைக் கவிழ்த்து மூடினால் முடிந்தது. கவிழ்ப்பதற்கு முன் மாவின் மேல் ஓரிரு தடவை நீர் தெளித்துவிடுவோம். முழுப் போறணைக்கு ஒன்றுமில்லாத அந்த இரண்டு கிராம், இந்தச் சிறிய இடத்தில் முழுமையாகப் பயன்படுகிறது. சட்டியைச் சூடேற்றத் தேவையில்லை, மெல்லிய சில்வர் இரண்டு நிமிடத்தில் தானாகச் சூடேறிவிடும். அதன் விளிம்பு கல்லின்மேல் ஓரளவு சமமாகப் படிந்தால் போதும். தாளை விளிம்புக்கு உள்ளே அடங்கும்படி வட்டமாக வெட்ட வேண்டும். இல்லையேல் அது இடைவெளி விட்டு நீராவியைக் கசியவிடும், வெளியே நீட்டிய ஓரமும் கருகும்.

கல்லைத் தேர்வதில் மூன்று விடயங்களைப் பார்க்க வேண்டும். பூச்சுப் பூசிய ஒட்டாத தாச்சி கூடாது. அதை வெறுமையாக 230 பாகையில் முக்கால் மணிநேரம் வைக்கக்கூடாது. மரப்பிடியோ பிளாஸ்டிக் பிடியோ உள்ளதும் கூடாது. கல் அடுக்கின் முழு அகலத்தையும் மூடவும் கூடாது. கீழ்க்கம்பிகளின் வெப்பம் மேலே போக வழியில்லாமல் போனால் கல் அளவுக்கு மிஞ்சிச் சூடாக, மேற்பகுதி குளிர்ந்தே இருக்கும். சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி விட்டபோதுதான் மேலும் கீழும் ஒன்றாக வெந்தன. மச்சாளின் முதல் பாணில் அடி கருகத் தொடங்கியது. அடுத்த தடவை கல்லைக் கீழ்க்கம்பிகளிலிருந்து ஓர் அடுக்கு உயர்த்தியதும் சரியாயிற்று.

நடந்ததை நேரப்படி சொல்கிறேன். முதற்பொங்கல் ஒன்றரை மணிநேரம். போறணையை மூட்டிப் பத்தாவது நிமிடம் மாவை உருட்டினோம். நாற்பதாவது நிமிடம் கீறி, தெளித்து, கல்லில் வைத்து மூடினோம். கதவு திறந்திருந்த நேரத்தில் காற்றின் வெப்பம் 180 க்கு இறங்கினாலும் ஐந்து நிமிடத்தில் 220 க்கு மீண்டது. ஆவியாக்குவதற்கு உள்ளே வேறு நீர் இல்லை அல்லவா. மாவை உள்ளே வைத்து இருபதாவது நிமிடம் சட்டியை எடுத்தபோது பாண் நன்கு உயர்ந்து, கீறல் விரிந்து, தோல் வெளிறிய மினுக்கத்தோடு இருந்தது. அந்த நிலையில் நிறம் இல்லையே என்று பயப்படக்கூடாது, அது அப்படித்தான் இருக்க வேண்டும். திருகியை 220 க்குக் குறைத்துத் தொடர்ந்து சுட்டோம்.

இப்போது வெந்ததா என்ற கேள்வி. பாணைத் துணியால் பிடித்துக் கவிழ்த்து, அடியின் நடுவில் விரல் மொளியால் தட்டிப் பார்ப்பது பழைய வழி. ‘டொக்’ என்று வெறுமையான ஒலி வந்தால் வெந்தது, ‘தப்’ என்று மந்தமாக ஒலித்தால் வேகவில்லை. ஒலி வேறுபடுவதற்குக் காரணம் உண்டு. வேகாத பஞ்சு ஈரமான களிபோல் கனமாக இருந்து தட்டலை விழுங்கிவிடுகிறது. வெந்த பஞ்சில் சுவர்கள் இறுகி, குமிழிகள் ஒன்றோடொன்று திறந்து, நீர் குறைந்து, பாண் முழுவதும் மெல்லிய தோல்கொண்ட பெட்டிபோல் அதிர்கிறது. ஆனால் நாம் கேட்பது அந்தப் பஞ்சின் ஒலியை மட்டுமல்ல, தட்டும் இடத்திலுள்ள மேலோட்டின் ஒலியையும் சேர்த்துத்தான். இங்கேதான் சுட்ட வழி குறுக்கிடுகிறது.

தண்ணீர்த் தட்டு வழியில் மெல்லிய தட்டின்மேல் வெந்த பாணின் அடி மென்மையாகவும் வெளிறியும் இருந்ததால், நடுப்பஞ்சு வெந்த பின்னரும் ஒலி மந்தமாகவே வந்தது. அதைக் கேட்டு இன்னும் பத்து நிமிடம் விட்டால் பாணின் மேற்புறம் வறண்டுபோகும். அதற்குப் பதில் பாணைத் தட்டிலிருந்து எடுத்து, வெறும் அடுக்குக் கம்பியில் ஐந்து நிமிடம் வைத்துத் திரும்பத் தட்டிப் பார்க்க வேண்டும். கல் வழியிலும் சட்டி வழியிலும் நேர்மாறான ஏமாற்றம். சூடான இரும்பின்மேல் அடிப்பக்கத்து ஓடு தடித்து இறுகிவிடுவதால் உள்ளே முழுதும் வேகுமுன்பே அது வெறுமையாக ஒலிக்கும். எங்களுடைய முதல் கல்பாண் 32 ஆம் நிமிடத்தில் மத்தளம்போல் ஒலித்தது. எடுத்துவிட்டோம். இரண்டு மணிநேரம் ஆறவிட்டு வெட்டியபோது அடிக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்துக்குப் பசைபோன்ற பட்டையொன்று இருந்தது, கத்தியில் ஒட்டியது.

அந்தப் பாணை வெட்டுமுன் நிறுத்திருந்தோம் என்பது நல்லதாய்ப் போயிற்று. 541 கிராம். 594 இலிருந்து 53 கிராம் போயிருக்கிறது, அதாவது ஒன்பது சதவீதம். இந்த அளவுள்ள மொறுமொறுப்பான உருண்டைப் பாண் 12 முதல் 14 சதவீதம் நீரை இழக்க வேண்டும். நம் கணக்கில் அது 511 முதல் 523 கிராம். அடுத்த பாணை 32 ஆம் நிமிடத்தில் தட்டிப் பார்த்து, அதே மத்தள ஒலியைக் கேட்டும் எடுக்காமல், மேலும் பத்து நிமிடம் விட்டோம். 514 கிராம். வெட்டியபோது பட்டை இல்லை. சமையலறைத் தராசு ஒன்று உள்ள வீட்டில் ஒலியும் நிறையும் முரண்பட்டால் நிறையைத்தான் நம்புவேன். தராசு இல்லாதவர்கள் நடுவில் மட்டும் தட்டாமல் பக்கங்களிலும் தட்டிப் பார்க்கலாம். இரும்பைத் தொடாத பக்கத்தின் ஒலி அவ்வளவு ஏமாற்றாது. பக்கத்தை அழுத்தினால் உள்வாங்காமல் உறுதியாக இருக்கவும் வேண்டும்.

குத்திப் பார்க்கும் வெப்பமானியைப் பலர் இறுதித் தீர்ப்பாகக் கருதுகிறார்கள். கடல்மட்டத்திலுள்ள கொழும்பில் சாதாரணப் பாணின் நடுப்பகுதி 96 முதல் 98 பாகைக்கு வந்தால் வெந்துவிட்டது என்று கொள்ளலாம். ஆனால் பஞ்சில் நீர் இருக்கும்வரை அது 100 ஐத் தாண்ட முடியாது. ஆகவே 97 ஐத் தொட்டபின் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தாலும் ஏறத்தாழ அதே எண்ணைத்தான் காட்டும். மா வெந்துவிட்டதென்று அது சொல்லும். எவ்வளவு உலர்ந்தது என்று சொல்லாது. நுவரெலியாவில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிப்பதால் அங்கே இருப்பவர் 97 வரட்டும் என்று காத்திருந்தால் பாண் கட்டையாகிவிடும். பால், வெண்ணெய், சீனி சேர்த்த பணிஸ் வகைகளுக்குத் தட்டிப் பார்க்கும் சோதனையே பொருந்தாது. அவை மென்மையாக இருக்க வேண்டியவை, அவற்றின் ஒலியும் அப்படித்தான் இருக்கும். 88 முதல் 90 பாகையே அவற்றுக்குப் போதும்.

கொழும்பின் ஈரக்காற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எந்த வழியில் சுட்டாலும் மாலையில் மொறுமொறுப்பாக இருந்த மேலோடு காலையில் துவண்டுவிடும்; வெளிக்காற்றின் ஈரமும் பஞ்சிலிருந்து வெளியேறும் ஈரமும் சேர்ந்து அதைத் தாக்குகின்றன. போறணையை அணைத்துவிட்டுக் கதவை ஒரு விரல் திறந்து கடைசி ஐந்து நிமிடம் பாணை உள்ளேயே விடுவதும், பிறகு கம்பித் தட்டில் ஆறவிடுவதும் சில மணிநேரத்தைக் கூட்டித்தரும். அதற்கு மேல் முடியாது. காலையில் ஐந்து நிமிடம் மீண்டும் சுடவைப்பதே வழி. சூட்டோடு வெட்டுவதும் வேண்டாம்; பஞ்சு இறுக ஒன்றரை மணிநேரமாவது தேவை. சூடான பாணை வெட்டிவிட்டு வேகவில்லை என்று போறணையைத் திட்டியவர்களில் நானும் ஒருத்தி.

தேர்வு ஒவ்வொருவரின் போறணையையும் பொறுத்தது. 30 முதல் 40 லீற்றர் மேசைப் போறணையும் வீட்டில் இரும்புத் தோசைக்கல்லும் இருப்பவருக்கு மூன்றாவது வழியையே சொல்வேன். கையில் பணம் இருந்தாலும் சட்டி வாங்க அவசரப்பட வேண்டாம். எரிவாயு அடுப்போடு சேர்ந்த பெரிய போறணை வைத்திருப்பவருக்கு மூடிச் சட்டி மிகப் பொருத்தம். எரிவாயு எரிவதால் உண்டாகும் புகையை வெளியேற்ற அந்தப் போறணைகளுக்குத் துளைகள் உண்டு. தட்டில் எவ்வளவு நீரூற்றினாலும் நீராவி அவற்றின் வழியே போய்விடும், மூடிக்குள் இருப்பது மட்டுமே தங்கும். அங்கே உயரமும் தாராளம், சட்டியை உள்ளேயே வைத்து மூடியை மட்டும் தூக்கி மாவை இறக்கலாம். காற்றாடி உள்ள போறணைக்கும் இதே காரணம் பொருந்தும். நீராவிக் கட்டத்தில் காற்றாடியை நிறுத்த முடியாவிட்டால் மூடிச் சுடுவதைத் தவிர வழியில்லை.

தண்ணீர்த் தட்டை முற்றாகத் தள்ளிவிடவில்லை. சட்டிக்குள்ளும் கவிழ்த்த பாத்திரத்துக்குள்ளும் அடங்காத நீளப் பாணுக்கும், எட்டுப் பத்தாக ஒன்றாய்ச் சுடும் சிறு உருண்டைகளுக்கும் வேறு வழியில்லை. அப்போது 150 மில்லிலீற்றரை 60 ஆகக் குறைத்து, தோசைக்கல்லையும் உள்ளே வைத்துச் சூடேற்றி, சிறு உருண்டைகளை எட்டு நிமிடம் மட்டும் நீராவியில் விட்டபோது, வெப்பமானி 190 க்குக் கீழே இறங்கவில்லை. மச்சாள் இப்போது சனிக்கிழமைகளில் ஒரே குழையலில் பாதியைக் கல்லின்மேல் கவிழ்த்து மூடிப் பெரிய பாணாகவும், மீதியைக் குளிர்சாதனப்பெட்டியில் காக்க வைத்து, கல் சூடாக இருக்கும்போதே தட்டு வழியில் சிறு உருண்டைகளாகவும் சுடுகிறார். பெரியது பாதிக் குழையல்தான் என்பதால் அதை 35 நிமிடத்திலேயே எடுத்து நிறுக்கிறார். சிறியவற்றை நிறுப்பதில்லை, ஒன்றைத் துணியோடு கையில் எடுத்து அடியில் தட்டிவிட்டு, மற்றவற்றையும் எடுத்துவிடுகிறார்.